பிலோன் எலும்பு முறிவு: முதலில் கம்பி, பிறகு காத்திருப்பு, அப்புறம்தான் மூட்டு

எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த ஒரு முறிவைப் பற்றி மட்டும் உறவினர்கள் கோபத்தோடு கேட்கும் கேள்விகள் அதிகம். ‘அறுவைச் சிகிச்சை செய்தீர்கள், ஆனால் எலும்பை இன்னும் சேர்க்கவில்லை என்கிறீர்களே’ என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். கேட்கப்பட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கணுக்கால் உடைந்தது என்றுதான் நினைத்தோம். டாக்டர் ‘பிலோன்’ என்று எழுதியிருக்கிறார். அது என்ன?

பிரெஞ்சு மொழியில் மருந்து இடிக்கும் குழவிக்குப் பெயர் பிலோன். முழங்காலிலிருந்து கீழே வரும் பெரிய எலும்பான டிபியாவின் கீழ்முனை அந்தக் குழவியைப் போலப் பருத்து முடிகிறது. 1911இல் எத்தியென் டெஸ்தோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர் இது.

கால் புரண்டு கணுக்காலின் பக்கவாட்டு மொட்டுகள் உடைவது வேறு. அதில் உடலின் பாரத்தைத் தாங்கும் பரப்பு பெரும்பாலும் தப்பிவிடும். பிலோன் முறிவில் விசை கீழிருந்து நேராக மேலே ஏறுகிறது. உயரத்திலிருந்து விழும்போதும், கார் மோதும்போது பிரேக்கில் ஊன்றிய காலிலும் நடப்பது இதுதான். பாதத்தின் உச்சியில் இருக்கும் டேலஸ் என்ற எலும்பு, தனக்குக் கூரையாக இருக்கும் டிபியாவின் அடிப்பரப்பில் மோதி அதைப் பிளந்துவிடுகிறது. நடக்கும்போது எந்தப் பரப்பின்மேல் நிற்கிறோமோ அந்தப் பரப்பே சிதறிவிடுகிறது. தனிப்பெயர் வந்தது அதனால்தான்.

உடைந்த அன்றே தகடு வைத்து முடித்திருக்கலாமே? எதற்கு இரண்டு முறை மயக்க மருந்து?

உங்கள் கையால் உங்கள் கீழ்க்காலின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டுப்படும். நடுவில் தசை இல்லை. தொடை எலும்பைச் சுற்றி இருக்கும் மெத்தை இங்கே கிடையாது. அடிபட்ட சில மணி நேரத்தில் கால் வீங்கித் தோல் பளபளவென்று இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் தோலுக்கு வரும் இரத்த ஓட்டமே இழுபறியாக இருக்கிறது. அதைக் கத்தியால் திறந்து, உள்ளே ஓர் உலோகத் தகட்டையும் திணித்துத் தைத்தால் தையலின் ஓரங்கள் கறுத்துச் செத்துப்போகும். பிறகு தகடு வெளியே தெரியும், கிருமி மூட்டுக்குள் இறங்கும். மிக மோசமான நிலையில் காலையே எடுக்க வேண்டி வந்தது உண்டு.

இது அனுமானமல்ல, பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1969இல் ரூடி, ஆல்கோவர் என்ற இரு சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இந்த முறிவைத் திறந்து தகடு வைத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். உண்மைதான், ஆனால் அவர்களிடம் வந்தவர்களில் பலர் பனிச்சறுக்கில் கால் முறுக்கிக்கொண்டவர்கள். எலும்பு உடைந்திருந்தாலும் தோலும் சதையும் அவ்வளவு நசுங்கவில்லை. அதே முறையை வாகன விபத்திலும் உயரத்திலிருந்து விழுந்தும் வந்தவர்களுக்குச் செய்தபோதுதான் காயங்கள் வரிசையாகப் பிரிந்துகொண்டன. 1999இல் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள், முதலில் வெளிக்கம்பி, வீக்கம் வடிந்த பிறகு தகடு என்று வேலையைப் பிரித்தால் அந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டின. இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது அந்த வழிதான். வீக்கம் ஏறுவதற்கு முன் ஓரிரு நாளுக்குள் முழுவதையும் முடிக்கும் அனுபவமிக்க குழுக்களும் உண்டு. அது எல்லாக் காலுக்கும், எல்லாக் கைக்கும் பொருந்தாது.

முதல் நாளில் வெளியே கம்பிகள் போட்டு ஒரு சட்டம் மாட்டியிருக்கிறார்கள். மாவுக்கட்டு போதாதா?

மாவுக்கட்டு உடைந்த எலும்பைச் சுற்றி நிற்குமே தவிர, இழுத்துப் பிடிக்காது. கணுக்காலைத் தாண்டிச் செல்லும் தசைகள் பாதத்தை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். டேலஸ் இன்னும் உள்ளே ஏறும், கால் குட்டையாகும், நசுங்கிய குருத்தெலும்பு தொடர்ந்து உரசப்படும். மாவுக்கட்டுக்குள் தோல் என்ன ஆகிறது என்று பார்க்கவும் முடியாது.

வெளிச்சட்டம் இதைத்தான் தடுக்கிறது. டிபியாவின் நடுத்தண்டில் முன்புறமாக இரண்டு தடித்த ஊசிகள். குதிகால் எலும்பைக் குறுக்கே துளைத்து ஒரு நீண்ட ஊசி. மூன்றையும் தண்டுகளால் முக்கோணமாக இணைத்து இழுத்து நீளத்தைத் திரும்பக் கொண்டுவருவோம். பாதம் கீழ்நோக்கித் தொங்கி அப்படியே இறுகிவிடாமலிருக்கப் பெருவிரலின் அடியெலும்பில் இன்னொரு சிறிய ஊசியையும் பலர் சேர்க்கிறார்கள். மேல் ஊசிகளைப் பின்னால் தகடு வரப்போகும் இடத்துக்கு எட்டத்தில் வைப்பது முக்கியம். ஊசித் துளையில் கிருமி வந்தால் அது தகடு வரை போகக் கூடாது.

இங்கே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். கீழே வரும் பதில்களிலும் அவர் வருவார். 41 வயது, ஏணியிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் விழுந்தவர், வலது கால், தோல் கிழியவில்லை. சட்டம் மாட்டி, முன்பக்கமிருந்து எக்ஸ்ரே பார்த்தோம். எல்லாம் நேராக இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் தவறு செய்திருப்போம். பக்கவாட்டுப் படத்தில் டேலஸ், டிபியாவுக்கு நேர்க்கீழே இல்லாமல் ஒரு விரல் அகலம் முன்னே வழுக்கி நின்றது. குதிகால் ஊசியை நேர்கீழே மட்டும் இழுத்திருந்தோம். பின்னோக்கியும் இழுத்திருக்க வேண்டும். பூட்டுகளைத் தளர்த்தி, பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி மீண்டும் இறுக்கினோம். பத்து நிமிட வேலைதான். செய்யாமல் விட்டிருந்தால் முன்னால் தள்ளி நின்ற அந்த டேலஸ், உடைந்த முன்விளிம்பை அடுத்த இரண்டு வாரமும் நசுக்கிக்கொண்டே இருந்திருக்கும், முன்புறத் தோலும் உள்ளிருந்து குத்தப்பட்டிருக்கும்.

பக்கத்தில் உள்ள சின்ன எலும்புக்கு மட்டும் அன்றே தகடு வைத்தார்கள். சின்னதற்கு அவசரம், பெரியதற்கு இல்லையா?

வெளிப்புறத்திலுள்ள ஃபிபுலாவின் நீளம் சரியாக வந்தால் அதோடு தசைநாரால் பிணைந்திருக்கும் டிபியாத் துண்டுகளும் ஏறத்தாழத் தம் உயரத்துக்கு வந்துவிடும். அங்கே தோலுக்கடியில் கொஞ்சம் சதையும் இருப்பதால் சிலர் முதல் நாளிலேயே செய்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஃபிபுலா பல துண்டாக உடைந்திருந்தால் சரியான நீளத்தைக் கணிப்பது சுலபமல்ல. ஒருமுறை வேறோர் இடத்தில் ஃபிபுலா பொருத்தப்பட்டு எங்களிடம் வந்தவருக்கு அது 4 மில்லிமீட்டர் குட்டையாக நின்றது. அந்த 4 மில்லிமீட்டர் டிபியாவின் வெளிப்பாதியை மேலே பிடித்து வைத்துக்கொண்டு, மூட்டைச் சமமாக்க விடவில்லை. தகட்டைக் கழற்றி ஃபிபுலாவை முதலிலிருந்து செய்த பிறகுதான் டிபியாவைத் தொட முடிந்தது. கீறலின் இடமும் அப்படித்தான். ஃபிபுலாக் கீறலைக் கொஞ்சம் பின்னே தள்ளி வைத்தால்தான் பின்னால் வரும் முன்புறக் கீறலுக்கும் அதற்கும் நடுவில் போதிய அகலத் தோல் மிஞ்சும். 7 சென்டிமீட்டர் என்று பழைய விதி ஒன்று உண்டு. அதைவிடக் குறைவாகவும் கவனமாகச் செய்யலாம் என்று பின்னர் தெரிந்தது. எப்படியானாலும், இறுதி அறுவையைச் செய்யப்போகிறவரே முதல் கீறலையும் போடுவது நல்லது.

வந்த உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை. கம்பி போட்ட பிறகுதான் எடுத்தார்கள். இது தாமதமில்லையா?

இல்லை. இழுத்து நீட்டுவதற்கு முன் எடுத்தால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் குவியலைத்தான் படம் காட்டும். இழுத்த பிறகு தசைநாரில் தொங்கும் துண்டுகள் தாமாகவே ஓரளவு தம் இடத்துக்கு வருகின்றன. வராமல் உள்ளே புதைந்திருப்பது எது என்பதும் அப்போதுதான் புலப்படும். எந்தப் பக்கத்தில் திறப்பது என்பதை முடிவு செய்வது மூட்டுக்குச் சற்று மேலே எடுத்த குறுக்குவெட்டுப் படம்.

பெரும்பாலான பிலோன் முறிவுகளில் மூன்று பெரிய துண்டுகளைக் காணலாம்: பின்வெளித் துண்டு, முன்வெளித் துண்டு, உட்புற மொட்டோடு சேர்ந்த உள்துண்டு. வெளியே உள்ள இரண்டும் ஃபிபுலாவோடு தசைநாரால் கட்டப்பட்டவை. இவற்றுக்கு நடுவே, எதோடும் ஒட்டாமல் மேலே நசுங்கி ஏறிய சின்னத் துண்டுகள் இருக்கலாம். ஏணியிலிருந்து விழுந்தவருக்கு இந்த மூன்றோடு, கட்டைவிரல் நக அளவில் ஒரு நடுத்துண்டு 9 மில்லிமீட்டர் மேலே ஏறி, பஞ்சு போன்ற எலும்புக்குள் கவிழ்ந்து கிடந்தது. அவருடைய கணுக்காலின் எதிர்காலம் அந்தத் துண்டில்தான் இருந்தது.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? தோல் தயார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் 10 முதல் 21 நாள். நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தோலைப் பார்த்துத்தான்.

கீறப்போகும் இடத்தை இரு விரலால் மெல்லக் கிள்ளினால் நுண்ணிய சுருக்கங்கள் விழ வேண்டும். வீங்கிய தோலில் சுருக்கம் விழாது, பலூன் போல வழவழவென்று நிற்கும். கொப்புளங்களையும் பார்ப்போம். தெளிந்த நீர் நிறைந்த கொப்புளம் மேல்தோலில் மட்டும் பிரிவு ஏற்பட்டிருப்பதன் அடையாளம். இரத்தம் நிறைந்ததென்றால் சேதம் ஆழமானது. அதன் அடித்தளம் காய்ந்து புதுத்தோல் மூடும்வரை அந்த இடத்தில் கத்தி வைப்பதில்லை.

நம் நோயாளிக்கு மூன்றாம் நாள் கணுக்காலின் உட்புறத்தில் இரத்தக் கொப்புளங்கள் வந்தன. வெளிப்புறத் தோலில் வரவில்லை. கால் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது, ஊசித் துளைகள் தினமும் சுத்தம் செய்யப்பட்டன, இரத்தம் உறையாமலிருக்க ஊசி மருந்தும் போய்க்கொண்டிருந்தது. 11ஆம் நாள் உறவினர்கள் அவசரப்படுத்தினார்கள். சுருக்கம் விழவில்லை. 17ஆம் நாள் காலை விழுந்தது. உட்புறம் இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை என்பதாலும், படத்திலும் நசுங்கல் வெளிப்பாதியில்தான் அதிகம் என்பதாலும் முன்வெளிப் பக்கமாகத் திறப்பது என்று முடிவாயிற்று.

மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. துண்டுகளைச் சுற்றிப் புது எலும்பு முளைத்து அவற்றைத் தவறான இடத்தில் பூட்டத் தொடங்கிவிடும்.

காத்திருக்கும் நாள்களில் எதற்குப் பயப்பட வேண்டும்?

மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலி, விரல்களை மற்றவர் மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிறாற்போல் துடிப்பது. கீழ்க்கால் தசைகளுக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம் இது. சில மணி நேரத்துக்குள் தசைகளை மூடியிருக்கும் உறைகளைத் திறந்துவிட வேண்டிய அவசரம். விரல்கள் வெளிறிச் சில்லிடுவதும் அப்படியே. ஊசித் துளையில் சீழ் வந்தால் அன்றே சொல்லுங்கள். தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவென்றால் கணக்கே வேறு: ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும், காயத்தைக் கழுவிச் செத்த திசுவை நீக்குவதும் சட்டம் மாட்டும் அதே அறுவையில் நடக்கும்.

இரண்டாவது அறுவையில் சிதறிய துண்டுகளை எப்படிச் சேர்க்கிறீர்கள்? எதை முதலில் பொருத்துவீர்கள்?

நம்பத் தகுந்த ஒரு துண்டை முதலில் தேடுவோம். வழக்கமாக அது பின்வெளித் துண்டு. ஃபிபுலாவோடு வலுவான தசைநாரால் கட்டப்பட்டிருப்பதால், ஃபிபுலா சரியென்றால் இதுவும் ஏறக்குறையச் சரியான உயரத்தில் நிற்கும். மற்றவை எல்லாம் இதை அளவுகோலாக வைத்துப் பின்னிருந்து முன்னோக்கி வருகின்றன. ஆனால் இந்த அளவுகோல் கோணலாக நின்றால் அதன்மேல் கட்டும் அனைத்தும் கோணல்தான், ஆகவே அதை நிமிர்த்தாமல் அடுத்த துண்டைத் தொடக் கூடாது.

நம் நோயாளிக்கு முதலில் ஃபிபுலாவைத் தகடால் பொருத்தினோம். பிறகு கணுக்காலின் முன்வெளிப் பக்கத்தில் கீறல். பாதத்தின் மேற்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று அந்த வழியே தோலுக்குச் சற்றுக் கீழே குறுக்கே போகும். அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்தோம். அடிபட்டால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். அடுத்து முன்வெளித் துண்டு. அதைப் பிய்த்தெடுக்கவில்லை. தசைநாரோடு ஒட்டியபடியே, கதவைக் கீலில் திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பிவைத்தோம். சட்டத்தை இன்னும் சற்று இழுத்ததும் மூட்டுக்குள் பார்வை கிடைத்தது.

கீழே வெள்ளையாக, வழவழப்பாக, உடையாத டேலஸின் உச்சி. இந்த அறுவையில் நமக்கு இருக்கும் ஒரே அச்சு அதுதான். மேலே, சிவந்த பஞ்செலும்புக்குள் நகத்தளவு வெள்ளைத் துண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் குருத்தெலும்பு மட்டும் கையோடு வந்துவிடும்; அப்புறம் அதற்கு உயிர் இல்லை. எனவே மெல்லிய உளியை அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே செலுத்தி, பஞ்செலும்பையும் சேர்த்துக் கட்டியாகக் கீழே தள்ளினோம். டேலஸின் வளைவில் அது உட்கார்ந்ததும் பின்வெளித் துண்டோடு மெல்லிய கம்பியால் தற்காலிகமாகப் பிடித்துவைத்தோம்.

அடுத்து உள்துண்டு, தோலுக்கு மேலிருந்தே கவ்வி போட்டு நெருக்கப்பட்டது. கடைசியில் முன்வெளிக் கதவைச் சாத்தினோம். சாத்தியது முதலில் பொருந்தவில்லை. விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் படி. அதுபோல வந்தால் கதவை இடித்துச் சாத்தக் கூடாது, உள்ளே ஏதோ முழுதாக இறங்கவில்லை என்று பொருள். திறந்து பார்த்தால் நடுத்துண்டின் முன்னோரம் மயிரிழை மேலே நின்றது. அதைத் திருத்திய பிறகு கதவு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பிறகு மூட்டுக்கு இணையாகச் சன்னமான திருகுகள். மேலே வெற்றிடமாகியிருந்த குழிக்கு அவருடைய இடுப்பெலும்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பு. கடைசியாக, கூடிய மூட்டுப் பகுதியை மேலுள்ள தண்டோடு இணைக்கும் நீண்ட தகடு. இந்தக் கட்டத்தில் களைத்துப்போய்க் கோணத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. மூட்டு அழகாகச் சேர்ந்தும் பாதம் முழுவதும் உட்பக்கம் சாய்ந்திருந்தால் பாரம் ஒரே ஓரத்தில் விழும், செய்த வேலை வீண்.

எப்போது கால் ஊன்றலாம்?

காயம் ஆறித் தையல் பிரித்ததும் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கலாம். பாரம் வைக்கக் கூடாது. ஊன்றுவதற்கு ஏறக்குறைய 10 முதல் 12 வாரம், அதுவும் எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவது தெரிந்த பிறகு, முதலில் கொஞ்சமாக. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் காயமும் எலும்பும் ஆறுவது தாமதமாகும்.

மூட்டு கூடிவிட்டாலும் அதற்கு மேலே, தகடு பாலம் போலக் கடக்கும் பகுதி கூடாமல் போவதுண்டு. பல மாதம் கழித்தும் ஊன்றும்போது வலி கணுக்காலில் இல்லாமல் அதற்குச் சற்று மேலே இருந்தால், திருகு முறிந்தால், கால் மெல்லச் சாய்ந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே மறுபடி எலும்பு வைக்க நேரலாம்.

துண்டுகளெல்லாம் சரியாகச் சேர்ந்தால் மூட்டுத் தேயாதுதானே?

அப்படி உறுதி கொடுக்க முடியாது. படம் காட்டுவது எலும்பை மட்டும்தான். மோதிய நொடியிலேயே குருத்தெலும்பின் செல்களில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அவற்றை எந்தத் திருகும் எழுப்பாது. ஒழுங்காகச் சேர்த்தால் தேய்மானத்தின் வாய்ப்பு குறையும், வேகம் குறையும், பிற்காலத்தில் மூட்டை இணைக்கவோ செயற்கை மூட்டு பொருத்தவோ வேண்டி வந்தால் அதற்கு நேரான, கூடிய எலும்பு மிஞ்சும். படத்தில் தேய்மானம் தெரியும் எல்லோருக்கும் வலி அதே அளவில் இருப்பதும் இல்லை.

ஏணியிலிருந்து விழுந்தவர் 12ஆம் வாரம் ஊன்றினார், ஆறாம் மாதம் கைத்தடியை விட்டார். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது பாதத்தை மேல்நோக்கி மடக்குவது இடது காலில் 20 பாகை, வலது காலில் 10. சமதளத்தில் வலியின்றி நடக்கிறார், சரிவில் இறங்கும்போது முன்புறம் வலிக்கிறது, மாலையில் வீக்கம் உண்டு. எக்ஸ்ரேயில் மூட்டின் முன்பகுதி கொஞ்சம் நெருங்கியிருக்கிறது. ஏணி ஏறும் வேலைக்கு மட்டும் அவர் திரும்பவில்லை. இந்த முறிவில் இரண்டு வருடம் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவது உண்டு என்பதால், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதற்கு நாள் கொடுத்திருக்கிறேன்.